லாபக் கணக்கில் எழுதப்படாத செலவு

1964ஆம் ஆண்டு முடிவில் பர்லிங்டன் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஒரு பங்கு 60 டாலருக்கு விற்றது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் தலைமையகம் கொண்டிருந்த பர்லிங்டன், அந்நாட்டு ஜவுளித் தொழிலில் முதலிடத்தில் இருந்தது. ஆண்டு விற்பனை 120 கோடி டாலர். திறமையான நிர்வாகம், நாடெங்கும் விற்பனைப் பிணைப்பு, நல்ல லாபப் பதிவு எல்லாம் அதனிடம் இருந்தன. அடுத்த இருபத்தொரு ஆண்டுகளும் அது தனக்குத் தெரிந்த ஜவுளித் தொழிலிலேயே நின்றது. புதிய தறிகள், புதிய ஆலைகள், விரிவாக்கம் என்று சுமார் 300 கோடி டாலரைத் தொழிலுக்குள் போட்டது. 60 டாலருக்கு விற்ற ஒவ்வொரு பங்குக்கும் 200 டாலருக்கு மேல் முதலீடு ஆயிற்று. பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் முறையாகப் போய்க்கொண்டிருந்தது.

1985இல் விற்பனை 280 கோடி டாலர் ஆகியிருந்தது. பங்கின் விலையோ 34 டாலர். இடையில் 1965இல் ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டதால், பழைய ஒரு பங்கின் மதிப்பு 68 டாலர் என்று கொள்ளலாம். இருபத்தொரு ஆண்டுகளில் எட்டு டாலர் ஏற்றம். அதே காலத்தில் அமெரிக்காவில் விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. 1964இல் அந்தப் பங்கை விற்று வாங்கியிருக்கக்கூடிய பொருள்களில் மூன்றில் ஒரு பங்கைத்தான் 1985இல் அதே பங்கைக் கொண்டு வாங்க முடிந்தது.

இந்தக் கணக்கைப் பங்குதாரர்களுக்கு எழுதிய ஆண்டுக் கடிதத்தில் போட்டுக் காட்டியவர் வாரன் பஃபெட். அவருக்கு அதில் சொந்த அக்கறை இருந்தது. இன்று காப்பீடு, ரயில்வே, மின்சாரம் என்று பரந்து கிடக்கும் பெர்க்‌ஷயர் ஹாத்வே, 1965இல் அவர் கைக்கு வந்தபோது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்டில் இயங்கிய ஒரு ஜவுளி ஆலை. அந்த ஆலையை இருபது ஆண்டுகள் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு 1985இல் மூடினார். சுமார் 1.3 கோடி டாலர் போட்டு வாங்கிய இயந்திரங்கள் ஏலத்தில் 1,63,122 டாலருக்குப் போயின. 1981இல் தலா 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளை 50 டாலருக்குக்கூடக் கேட்பாரில்லை. கடைசியில் பழைய இரும்பு விலைக்கு, தறி ஒன்று 26 டாலர் என்று எடுத்துப்போனார்கள்.

பர்லிங்டன் நிர்வாகிகள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், சோம்பேறிகளும் அல்லர். அவர்கள் மேசைக்கு வந்த ஒவ்வொரு முதலீட்டுத் திட்டமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருந்தது. புதிய தறி வந்தால் ஆள் கூலி இவ்வளவு மிச்சம், நூல் அறுபடுவது இவ்வளவு குறையும், போட்ட பணம் சில ஆண்டுகளில் திரும்பிவிடும் என்று காகிதத்தில் கணக்கு சரியாக வந்தது. ஆனால் அதே தறியைப் போட்டியாளர்களும் வாங்கினார்கள், வெளிநாட்டு ஆலைகளும் வாங்கின. எல்லோருக்கும் உற்பத்திச் செலவு குறைந்தபோது துணியின் விலையும் இறங்கியது. மிச்சமான பணம் சட்டை வாங்கியவரின் பைக்குப் போயிற்று. ஆலைக்காரரின் பணம் மட்டும் ஆலைக்குள்ளேயே தங்கிவிட்டது. போடாமல் இருந்திருந்தால் தொழிலே போயிருக்கும், போட்டதற்கும் போதிய வருமானம் இல்லை.

லாப நஷ்டக் கணக்கை மட்டும் படித்தவருக்கு இந்தக் கதை கண்ணில் பட்டிருக்காது. விற்பனை கூடியிருக்கிறது, டிவிடெண்ட் வந்திருக்கிறது. சொத்து கரைந்தது எப்படி என்பதற்கான விடை, அந்தக் கணக்கு எதைச் செலவாக எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது.

ஒரு நிறுவனத்துக்குப் பணம் இரண்டு வாசல்கள் வழியாக வருகிறது. ஒன்று கடன், மற்றொன்று பங்குதாரர்களின் பணம். கடனுக்குக் கட்டும் வட்டி லாப நஷ்டக் கணக்கில் செலவாக ஏறிவிடுகிறது. பங்குதாரர்களின் பணத்துக்கு அப்படி எந்த வரியும் கிடையாது. அவர்கள் ஆரம்பத்தில் போட்ட மூலதனமும், ஆண்டுதோறும் பங்கிடாமல் நிறுவனம் வைத்துக்கொண்ட லாபமும் செலவே இல்லாத பணம் போலக் கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் செலவுப் பட்டியலில் வாடகையை எழுதுவதில்லை. மாதக் கடைசியில் இருபதாயிரம் மிஞ்சியது என்று மகிழ்கிறார். அந்தக் கடையை வாடகைக்கு விட்டிருந்தாலே முப்பதாயிரம் கிடைத்திருக்கும் என்றால், மாதம் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து அவர் பத்தாயிரத்தை இழந்திருக்கிறார். கணக்கு நோட்டில் அது தெரியாது.

பங்குதாரரின் பணத்துக்கான அந்த வாடகையையும் கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று கேட்பதுதான் பொருளாதாரக் கூடுதல் மதிப்பு என்ற கணக்கு. நிதித்துறையில் இதை இ.வி.ஏ. என்றே சொல்கிறார்கள்.

எண்களை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கற்பனையாக ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளலாம். அதில் போடப்பட்டிருக்கும் மொத்தப் பணம் 100 கோடி ரூபாய். அதில் 60 கோடி பங்குதாரர்களுடையது, 40 கோடி 10 சதவீத வட்டிக்கு வாங்கிய வங்கிக் கடன். பஞ்சு, மின்சாரம், கூலி, தேய்மானம் எல்லாம் போக, வட்டிக்கும் வரிக்கும் முன்பு ஆண்டு லாபம் 12 கோடி. வட்டி 4 கோடியைக் கழித்தால் 8 கோடி. வருமான வரி ஏறத்தாழ 25 சதவீதம், அதாவது 2 கோடி. மிஞ்சுவது 6 கோடி. ஆண்டறிக்கையில் நிகர லாபம் 6 கோடி என்று அச்சாகும். பொதுக்குழுவில் கைதட்டலும் கிடைக்கும்.

இப்போது எழுதாமல் விட்ட வரியை எழுதுவோம். இந்த ஆலையின் பங்குதாரர்கள் தங்கள் பணத்துக்கு என்ன வருமானம் எதிர்பார்ப்பது நியாயம்? அரசாங்கக் கடன் பத்திரத்தில் போட்டால், ஆபத்து எதுவும் இல்லாமல், ஏறத்தாழ 7 சதவீதம் கிடைக்கும். நூற்பாலை அப்படிப்பட்டதல்ல. பஞ்சு விலை ஓர் ஆண்டு ஏறும், நூல் விலை மறு ஆண்டு விழும். நிறுவனம் நொடித்தால் வங்கிக்குக் கொடுத்தது போகத்தான் பங்குதாரருக்கு. இந்த ஆபத்துக்கு ஈடாக இன்னொரு 7 சதவீதம் கேட்கலாம். ஆக 14 சதவீதம். 60 கோடிக்கு 14 சதவீதம் என்றால் 8.4 கோடி. ஆலை ஈட்டியது 6 கோடி. பற்றாக்குறை 2.4 கோடி. 6 கோடி லாபம் காட்டிய அந்த ஆண்டில் பங்குதாரர்களின் கோணத்தில் ஆலை 2.4 கோடியை இழந்திருக்கிறது.

நிதி நிபுணர்கள் இதையே வேறு வழியில் போடுவார்கள். கடன், பங்கு என்று பிரிக்காமல் ஆலை மொத்தமாக என்ன சம்பாதித்தது என்று முதலில் பார்ப்பார்கள். 12 கோடிக்கு 25 சதவீத வரி போனால் 9 கோடி. பிறகு மொத்த 100 கோடிக்கான சராசரிச் செலவு. கடனுக்கு 10 சதவீத வட்டி என்றாலும் அந்த வட்டியால் வரி மிச்சமாவதால் உண்மைச் செலவு 7.5 சதவீதம்தான். 40 கோடிக்கு அது 3 கோடி. பங்குதாரர் பணத்துக்கு 8.4 கோடி. மொத்தம் 11.4 கோடி. ஈட்டிய 9 கோடியிலிருந்து இதைக் கழித்தால் அதே 2.4 கோடி பற்றாக்குறை. எந்த வழியில் போனாலும் விடை ஒன்றே. இரண்டாவது வழியில் ஒரு வசதி உண்டு. கடனைக் கூட்டிக் குறைத்து லாபத்தைப் பளபளப்பாக்கும் வேலைகள் அதில் அவ்வளவாக எடுபடாது.

இதுவரை சொன்னது ஓர் ஆண்டுக் கணக்கு. பர்லிங்டன் கதையின் வேர் அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது.

நம் ஆலை அந்த 6 கோடியில் ஒரு ரூபாயும் டிவிடெண்டாகக் கொடுக்காமல் விரிவாக்கத்தில் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடனையும் அதே விகிதத்தில் கூட்டுகிறது. பங்குதாரர் பணம் 66 கோடி ஆகிறது. புதிய இயந்திரங்களும் பழையவற்றைப் போலவே 10 சதவீதம் ஈட்டுவதால் அடுத்த ஆண்டு லாபம் 6.6 கோடி. லாபம் 10 சதவீதம் வளர்ந்துவிட்டது என்று செய்தி வரும். ஆனால் 66 கோடிக்கு 14 சதவீதம் 9.24 கோடி. பற்றாக்குறை 2.64 கோடியாகக் கூடியிருக்கும். இதே வேகத்தில் ஏழு ஆண்டுகள் போனால் லாபம் 11.7 கோடி, அதாவது ஏறத்தாழ இரட்டிப்பு. பற்றாக்குறையும் 4.7 கோடியாக இரட்டித்திருக்கும். நிர்வாக இயக்குநர் லாபத்தை இரட்டிப்பாக்கியவர் என்று பாராட்டப்படும் அதே ஏழு ஆண்டுகளில், பங்குதாரர்களின் பணத்தை வேறு இடத்தில் விட்டிருந்தால் அது 150 கோடி ஆகியிருக்கும். ஆலையில் அது 117 கோடி.

லாப வளர்ச்சியை மட்டும் பார்க்கும் பழக்கம் இங்கேதான் வழுக்கிவிழச் செய்கிறது. ஒரு சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்தை எடுக்காமல் விட்டுவைத்தால்கூட வட்டி ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும். பணம் கூடுவதால் வட்டி கூடுகிறது, அதில் யாருடைய திறமையும் இல்லை. லாபத்தைப் பங்கிடாமல் உள்ளே வைத்துக்கொள்ளும் எந்த நிறுவனமும், படு சுமாராக நடந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு சாதனை லாபம் என்று அறிவிக்க முடியும். பஃபெட் 1970களிலேயே இதைச் சுட்டிக்காட்டி, லாபத்தின் அளவைவிடப் போட்ட மூலதனத்தின் மீது அது எத்தனை சதவீதம் என்பதையே பார்க்கச் சொன்னார்.

சந்தை இதைக் கவனிக்காமல் இருப்பதில்லை. நம் ஆலை இனி விரிவாக்கமே செய்யாமல் ஆண்டுக்கு 6 கோடியை அப்படியே டிவிடெண்டாகக் கொடுத்துக்கொண்டே போகும் என்றால், 14 சதவீதம் எதிர்பார்க்கும் முதலீட்டாளர் அந்தப் பங்குகள் முழுவதற்கும் கொடுக்கக்கூடிய விலை சுமார் 43 கோடி. அதற்கு மேல் கொடுத்தால் அவருக்கு 14 சதவீதம் கிடைக்காது. 60 கோடி போட்ட இடத்தில் சந்தை மதிப்பு 43 கோடி. உள்ளே வைத்துக்கொண்ட ஒவ்வொரு ரூபாயும் சந்தையில் 71 காசு. அந்த ஆண்டின் 6 கோடி லாபத்தைப் பங்குதாரர்களிடமே கொடுத்திருந்தால் அவர்கள் கையில் 6 கோடி இருந்திருக்கும். ஆலைக்குள் போனதால் அது 4.3 கோடி ஆயிற்று. குறைந்த வருமானம் ஈட்டும் தொழிலில் விரிவாக்கமே சொத்தைக் கரைக்கும் வழியாகிறது.

இந்தச் சிந்தனை பழையது. ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல், முதலாளி தன் மூலதனத்துக்கான வட்டியையும் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான நிர்வாக வருமானம் என்று 1890இலேயே எழுதினார். 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் இதைப் போன்ற கணக்கைத் தன் பிரிவுகளுக்குள் பயன்படுத்தியது. ஆனால் 1982இல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்டெர்ன், பென்னட் ஸ்டூவர்ட் இருவரும் தொடங்கிய ஆலோசனை நிறுவனம்தான் இ.வி.ஏ. என்ற பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்து, நிர்வாகிகளின் ஊக்கத்தொகையை அதனுடன் கட்டும் முறையைப் பரப்பியது. 1993இல் ஃபார்ச்சூன் இதழ் அட்டைக் கட்டுரை வெளியிட்டதும் அமெரிக்கப் பெருநிறுவனங்களில் இது பேச்சாயிற்று.

இதை ஆழமாகப் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் கோகா-கோலாவின் தலைவர் ராபர்ட்டோ கோய்சுவேட்டா. 1981இல் அவர் பொறுப்பேற்றபோது குளிர்பானம் போக ஒயின், இறால் பண்ணை என்று பல தொழில்கள் நிறுவனத்துக்குள் இருந்தன. அவற்றில் சில லாபமும் காட்டின. அவர் ஒவ்வொரு தொழிலிடமும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உன்னிடம் கிடக்கும் மூலதனத்துக்கான செலவை நீ ஈடுகட்டுகிறாயா? ஒயின் தொழில் 1983இல் சீக்ரம் நிறுவனத்துக்குக் கைமாறியது. குளிர்பானச் சாறு தயாரிப்பதற்கு அதிக மூலதனம் வேண்டாம், வருமானம் மிக அதிகம். அதைப் புட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, கடை கடையாகக் கொண்டுபோவதற்கு ஏராளமான இயந்திரமும் வண்டியும் கிடங்கும் வேண்டும், வருமானம் குறைவு. 1986இல் புட்டி அடைக்கும் தொழிலின் பெரும்பகுதியைத் தனி நிறுவனமாக்கிப் பங்குச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, தன்னிடம் 49 சதவீதம் மட்டும் வைத்துக்கொண்டார். 1997இல் அவர் பதவியிலேயே இறந்தபோது, சுமார் 4 பில்லியன் டாலராக இருந்த கோகா-கோலாவின் சந்தை மதிப்பு 140 பில்லியனைத் தாண்டியிருந்தது.

இந்த வெற்றிக்குள் ஒரு நெருடலும் உண்டு. 49 சதவீதம் மட்டும் வைத்துக்கொண்டதால் புட்டி நிறுவனத்தின் மூலதனமும் கடனும் கோகா-கோலாவின் கணக்கில் முழுதாகத் தெரியவில்லை. அதன் மேல் செல்வாக்கு மட்டும் நீடித்தது. மூலதனம் குறைந்தது எவ்வளவு, பார்வையிலிருந்து நகர்ந்தது எவ்வளவு என்று விமர்சகர்கள் கேட்டார்கள். 2010இல் அந்தப் புட்டி நிறுவனத்தின் வட அமெரிக்கத் தொழிலைக் கோகா-கோலாவே திரும்ப வாங்கவேண்டி வந்தது.

எந்த அளவுகோலைக் கையில் கொடுத்தாலும், ஊக்கத்தொகையை அதனுடன் கட்டினால், மனிதர்கள் அதை வளைக்கக் கற்றுக்கொள்வார்கள். இ.வி.ஏ.வில் இது அதிகம் நடப்பது பழைய இயந்திரங்களின் வழியாக. 20 கோடிக்கு வாங்கிய இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 2 கோடி தேய்மானம் என்றால், எட்டு ஆண்டுகள் கழித்துக் கணக்கில் அதன் மதிப்பு 4 கோடி. மூலதனச் செலவும் 20 கோடிக்குப் பதில் 4 கோடிக்குத்தான் போடப்படும். இயந்திரம் தளர்ந்துகொண்டிருக்க, இ.வி.ஏ. ஏறிக்கொண்டே போகும். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கும் மேலாளருக்குப் புதிய இயந்திரம் வாங்க மனம் வராது, வாங்கினால் அவர் காலத்தின் கணக்கு சரியும். ஆண்டறிக்கையின் சொத்துக் குறிப்பில், வாங்கிய விலையில் எவ்வளவு ஏற்கெனவே தேய்மானமாகப் போய்விட்டது என்பது இருக்கும். முக்கால் பங்குக்கு மேல் போயிருந்தால், அந்த நிறுவனத்தின் அழகான வருமான விகிதத்தை ஐயத்துடன்தான் பார்க்கவேண்டும்.

இன்னொரு வளைப்பு நேரெதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஒரு நிறுவனம் 500 கோடி கொடுத்து இன்னொன்றை வாங்குகிறது. சில ஆண்டுகளில் அது தேறாது என்று தெரிந்து 300 கோடியை ஒரே தடவையில் நஷ்டமாக எழுதித் தள்ளுகிறது. அந்த ஆண்டு அது அசாதாரணச் செலவு என்று தனியாகக் காட்டப்படும். அடுத்த ஆண்டிலிருந்து மூலதனம் 300 கோடி குறைவாக இருப்பதால் அதே லாபம் திடீரென்று பெரிய சதவீதமாகத் தெரியும். ஆனால் பங்குதாரரின் 300 கோடி போனது போனதுதான். ஆகவே கறாராக இ.வி.ஏ. போடுபவர்கள் எழுதித் தள்ளிய தொகையை மூலதனத்தில் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்கள். ஆராய்ச்சிக்கு ஆகும் செலவை இதே போல் அந்த ஆண்டுச் செலவாகப் பார்க்காமல் முதலீடாகப் பார்ப்பார்கள். ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் இப்படி 160க்கும் மேற்பட்ட திருத்தங்களைப் பட்டியலிட்டது. நடைமுறையில் நிறுவனங்கள் அவற்றில் கைவிரலில் எண்ணக்கூடியவற்றைத்தான் எடுத்துக்கொண்டன.

பங்குதாரர் கேட்கும் 14 சதவீதம் என்பதும் ஒரு மதிப்பீடு, அளந்து எடுத்த எண் அல்ல. ஒருவர் 12 என்பார், இன்னொருவர் 15 என்பார். நம் ஆலைக்கு 12 என்று வைத்தாலும் பற்றாக்குறை 1.2 கோடியாகக் குறையுமே தவிர மறையாது. 10 சதவீதம் ஈட்டும் நிறுவனத்தையும் 30 சதவீதம் ஈட்டும் நிறுவனத்தையும் பிரித்தறிய இந்தக் கணக்கு உதவும். 13க்கும் 14க்கும் இடையே தீர்ப்புச் சொல்ல உதவாது. பங்கு விலை ஏற்ற இறக்கத்தை விளக்குவதில் சாதாரண லாபக் கணக்கைவிட இ.வி.ஏ. மேலானது என்ற பிரசாரத்தையும் 1997இல் பிடில், போவன், வாலஸ் ஆகிய மூன்று கணக்கியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி மேலானதாக அவர்களுக்குத் தெரியவில்லை. நாளைய பங்கு விலையைச் சொல்லும் கருவி என்று இதை விற்றவர்கள் அதிகம் விற்றுவிட்டார்கள். நிர்வாகம் பணத்தை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பதற்கு அது இன்னும் நல்ல கருவிதான்.

இந்தியாவில் இன்ஃபோசிஸ், இந்துஸ்தான் லீவர் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கைகளில் இ.வி.ஏ. கணக்கை அச்சிட்டுக் காட்டின. பெரும்பாலான நிறுவனங்கள் காட்டுவதில்லை, சட்டமும் கேட்பதில்லை. ஆனால் சாதாரண முதலீட்டாளர் தன் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அதற்குப் பத்து ஆண்டு அறிக்கைகளும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

பத்து ஆண்டுகளில் நிறுவனம் ஈட்டிய நிகர லாபத்தைக் கூட்டவேண்டும். அதிலிருந்து அதே பத்து ஆண்டுகளில் கொடுத்த டிவிடெண்டையும், பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்ட தொகையையும் கழிக்கவேண்டும். மிஞ்சுவது பங்குதாரரின் பேரில் நிர்வாகம் உள்ளே வைத்துக்கொண்ட பணம். இடையில் புதிய பங்குகளை விற்றுப் பணம் திரட்டியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அது 200 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் லாபம் 30 கோடி, பத்தாம் ஆண்டில் 42 கோடி. லாபம் 40 சதவீதம் கூடியிருக்கிறது என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 200 கோடியை உள்ளே வைத்துக்கொண்டு கூடுதலாக ஈட்டியது 12 கோடி. வெறும் 6 சதவீதம். அரசாங்கக் கடன் பத்திரமே இதைவிட அதிகம் தரும். பஞ்சு, இரும்பு, சர்க்கரை போல ஏறி இறங்கும் தொழில்களில் முதல் ஆண்டோ கடைசி ஆண்டோ விதிவிலக்காக அமைந்துவிடலாம் என்பதால், இரு முனைகளிலும் மூன்று ஆண்டுச் சராசரியை எடுப்பது நல்லது.

இந்தச் சோதனையில் நிறுவனம் நன்றாகவே தேறினாலும் பங்குதாரரின் சொத்து வளராமல் போக இன்னொரு காரணம் உண்டு. அதில் நிறுவனத்தின் மேல் குற்றமே இல்லை. இந்துஸ்தான் லீவர், பிற்காலத்தில் இந்துஸ்தான் யூனிலீவர், மூலதனச் செலவைப் போல் பல மடங்கு ஈட்டும் நிறுவனம். சோப்பும் ஷாம்புவும் டீத்தூளும் விற்று வரும் பணம் சரக்குக் கொடுத்தவர்களுக்குக் கொடுக்கவேண்டிய நாளுக்கு முன்பே கைக்கு வந்துவிடுவதால், அதற்கு வேண்டிய மூலதனமே மிகக் குறைவு. ஆனாலும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எட்டிய உச்ச விலையை அதன் பங்கு மறுபடியும் தாண்ட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. அன்றைய விலைக்குள்ளேயே பல ஆண்டுகளுக்கான கூடுதல் மதிப்பை வாங்கியவர்கள் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். நிறுவனத்தின் கணக்கில் மூலதனம் என்பது பங்குதாரர்கள் ஆதியில் போட்டதும் உள்ளே தங்கிய லாபமும். 2000இல் சந்தையில் வாங்கியவரின் கணக்கில் மூலதனம் அவர் கொடுத்த விலை. அந்த இரண்டுக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளியை நிறுவனத்தின் லாபம் நிரப்பி முடிக்கும் வரை, டிவிடெண்டைத் தவிர வேறெதுவும் அவர் கைக்கு வரவில்லை.